பரிசீலனையில் இருப்பதாக எழுதிய வரி

ஈஸ்டக்காவுக்குக் கோபமே வராது என்று எங்கள் லேபில் எல்லோரும் சொல்வார்கள். ஏதோ பெரிய நற்சான்று கொடுப்பது போலச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கோபம் வராத மனுஷி என்று யாரும் கிடையாது. வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் உள்ளேயே வைத்துக்கொள்கிறவர்கள்தான் உண்டு. நான் அவளுக்குப் பக்கத்து மேஜை. அவளுக்கு இரண்டு வருஷம் இளையவள், அதே கைடிடம் ஆராய்ச்சி செய்கிறவள். எனக்கு லேபில் பட்டாசு என்று பெயர். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்டால். ஈஸ்ட் செல் மொட்டு விட்டுத்தான் பெருகும். தாய் செல்லின் தோளில் சின்னதாக ஒரு மொட்டு கிளம்பும். அது பெரிதாகிப் பிரிந்தால் மகள் செல். சூடு பட்டால் செல்லுக்குள் இருக்கிற புரதங்கள் கெட்டுப்போய்க் கட்டிகட்டியாகத் திரளும். தாய் செல் அந்தக் கட்டிகளைப் பெரும்பாலும் தன்னிடமே நிறுத்திக்கொண்டு மகளைச் சுத்தமாக அனுப்பிவிடும். எப்படி நிறுத்துகிறது, எது தவறினால் கட்டி மகளுக்குள் போய்விடுகிறது என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் செல்லோடு பேச ஆரம்பித்துவிடுவாள். "விட்றாத, பிடிச்சுக்கோ" என்பாள். புதிதாக லேபுக்கு வருகிறவர்கள் யாரிடம் பேசுகிறாள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அக்கா முனைவர் பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. உதவித்தொகை நின்றுவிட்டது. கைடு ஏதோ ஒரு ப்ராஜெக்டில் ஒட்டுப் போட்டு அவளை வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார், ஒவ்வொரு முறையும் வரம் கொடுப்பது போல நீட்டிப்பார். அக்காவின் வீட்டுக்காரர் வங்கியில் வேலை. அவரைத் தொலைதூர நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அவருடைய தங்கை இருந்ததால், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆறு மாதத்துக்குத்தான் என்று பேச்சு. அது நீண்டுகொண்டே போயிற்று. சாயங்காலமானால் அக்கா போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போவாள். குளிரறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாள்.

அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. மகள் இருக்கிற அதே நகரம். அங்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில், ஈஸ்ட் செல்களுக்கு எப்படி வயதாகிறது என்று பார்க்கிற லேபில் ஒரு போஸ்ட்டாக் இடம். பட்டம் முடித்தவர்கள் இன்னொருவருடைய லேபில் சில வருஷம் சேர்ந்து வேலை செய்கிற பதவி அது. லேபை நடத்துகிறவர் ஒரு மேடம். அவருடைய கட்டுரைகளை நாங்கள் வரிவரியாகப் படித்திருக்கிறோம். தன்விவரத்தை இணைத்து, யார் நீ, என்ன செய்திருக்கிறாய், என் லேபுக்கு ஏன் வர நினைக்கிறாய் என்று நேரடியாக எனக்கு ஒரு மெயில் எழுது என்று போட்டிருந்தார்.

நான் விளம்பரத்தைப் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. அவளுக்கு அப்படி ஒரு ஆசை இருந்து நான் பார்த்ததே இல்லை.

மெயில் எழுத ஒரு வாரம் ஆயிற்று. முதல் வரைவைப் படித்தபோது எனக்குக் கொட்டாவி வந்தது. 'மிகுந்த ஆர்வத்துடன்', 'தங்கள் புகழ்பெற்ற ஆய்வகம்' என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. பாதிக்கு மேல் அடித்துப்போட்டேன். லேப் நடத்துகிறவர்களுக்கு இப்படிப்பட்ட மெயில் தினமும் வந்து குவியும், முதல் நாலு வரியில் விஷயம் இல்லையென்றால் மூடிவிடுவார்கள் என்று பாடம் எடுத்தேன். அவளும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. முதல் பத்தியில் யார், எந்த லேப், எப்போது பட்டம். அடுத்ததில் கட்டுரைகள். முதல் கட்டுரையில் புரதக் கட்டி தாய் செல்லிலேயே எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று காட்டியிருந்தாள். இரண்டாவது, ஒற்றைச் செல்லை நாள்முழுக்கப் பின்தொடர்ந்து படம் எடுக்கிற முறை. மூன்றாவதுதான் அவளுடைய உயிர். ஒரு ஜீனை நீக்கிய ஈஸ்ட் வகை ஒன்றை உருவாக்கியிருந்தாள். அதில் தாயால் கட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, மகளுக்குள் போய்விடும். அந்தக் கட்டுரையில் நான் இரண்டாம் ஆசிரியர், பாதிப் படங்கள் நான் எடுத்தவை.

அதற்கடுத்த பத்திதான் முக்கியம். போன வருஷம் அந்த மேடம் எழுதிய கட்டுரையின் கடைசியில், கட்டியைச் சுமந்துகொண்டு பிறக்கிற மகள் செல்லுக்குச் சீக்கிரம் வயதாகுமா என்று ஒரு கேள்வியை அப்படியே விட்டிருந்தார். சோதித்துப் பார்க்கத் தோதான ஈஸ்ட் வகை இல்லை என்பது காரணம். அந்த வகை என்னிடம் இருக்கிறது, உங்கள் லேபில் வயதை அளக்கிற கருவி இருக்கிறது என்று அக்கா எழுதினாள். எனக்குப் படங்களைக் கணினியில் அலசத் தெரியாது, அதை அங்கே கற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்றும் எழுதினாள். அதையெல்லாம் ஏன் சொல்கிறாய் என்றேன். தெரியாதது தெரியாதுதானே என்றாள். அந்த ஊரில் என் மகள் இருக்கிறாள் என்று எழுத அதில் இடமில்லை.

மூன்றாவது கட்டுரைக்குப் பக்கத்தில் என்ன போடுவது என்பதுதான் ஒரே பிரச்சினை. அச்சில் வந்துவிட்டால் கவலையில்லை. எழுதிக்கொண்டிருந்தால் 'தயாரிப்பில்' என்று போட வேண்டும். அப்படிப் போடுவதை யாரும் நம்பமாட்டார்கள், ஆளாளுக்குப் பத்து கட்டுரை தயாரிப்பில் வைத்திருப்பார்கள். ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பி, அவர்கள் நிபுணர்களிடம் மதிப்பிடக் கொடுத்திருந்தால் 'பரிசீலனையில்' என்று போடலாம். அதற்கு மதிப்பு உண்டு. கட்டுரையைப் பத்திரிகையின் இணையதளத்தில் ஏற்றுகிற பொறுப்பு கைடுடையது. அவருடைய கணக்கில்தான் நடக்கும், எங்களால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. நாலு மாதத்துக்கு முன்பே ஏற்றியாகிவிட்டது என்று சொல்லியிருந்தார். நடுவில் அக்கா இரண்டு தடவை கேட்டபோது, நிபுணர்கள் இழுக்கிறார்கள் என்றார். சக ஆசிரியர்களுக்கும் பத்திரிகையிலிருந்து மெயில் வருமே, நமக்கு வரவில்லையே என்று நான் முணுமுணுத்தேன். குப்பை மெயிலில் விழுந்திருக்கும் என்று அக்கா சொன்னாள். எதற்கும் இருக்கட்டும் என்று மெயிலை அனுப்பும் முன் இன்னொரு தடவை போய்க் கேட்டாள். அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "பரிசீலனையிலதாம்மா இருக்கு, தைரியமா போட்டுக்க" என்றார்.

போட்டாள். பரிந்துரைக் கடிதம் தரக்கூடியவர்கள் என்று மூன்று பேரைக் கொடுத்தாள், அவர் பெயர் முதலில். அனுப்பிவிட்டு ஈஸ்ட் வளர்க்கிற தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

இந்த மாதிரி மெயில்களுக்குப் பதில் வராது. கிணற்றில் போட்ட கல்தான். இதற்கு மறுநாளே வந்தது. நாலே வரி. கடைசிப் பத்தி தனக்குப் பிடித்திருக்கிறது, தெரியாததைத் தெரியாது என்று எழுதியதும் பிடித்திருக்கிறது, வியாழக்கிழமை வீடியோவில் பேசலாம். தேர்வுக்குழுவின் பார்வைக்கு மூன்றாவது கட்டுரையின் பிரதியும், பத்திரிகை அதற்குக் கொடுத்திருக்கிற எண்ணும் வேண்டும். அவ்வளவுதான்.

அன்றைக்கு அக்கா தாழ்வாரத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு அறை கூடுதலாக இருக்கிற வீடு காலியாக இருக்கிறது, போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டாராம். "இருங்க, அதுக்குள்ள அவசரப்படாதீங்க" என்று சொன்னேன் என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால்.

கட்டுரையின் எண்ணை வாங்குவதில் என்ன கஷ்டம் இருக்கிறது? கைடிடம் கேட்டாள். கூட்டத்தில் இருக்கிறேன், அனுப்புகிறேன் என்றார். மறுநாள் கேட்டாள். சாயங்காலம் என்றார். அதற்கும் மறுநாள், கடவுச்சொல் மறந்துவிட்டது என்றார். இவர் ஏன் பிடிகொடுக்காமல் பேசுகிறார் என்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். நாளைக்கு மறுநாள் வியாழக்கிழமை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்ல எனக்கே கசக்கிறது, ஆனாலும் உண்மை. போன வருஷம் அவருடைய கட்டுரை ஒன்றை ஒரு நிபுணர் கிழிகிழியென்று கிழித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அதிலிருந்து எதையும் வெளியே விடப் பயம். மெயில் பெட்டியில் திறக்காத மெயில்கள் மலையாகக் கிடக்கும். பயமும் சோம்பலும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

எங்கள் கண் முன்னாலேயே இணையதளத்தைத் திறந்தார். கட்டுரையின் தலைப்பு இருந்தது. படங்கள், இணைப்புகள் எல்லாம் ஏற்றப்பட்டிருந்தன. எண் இருக்க வேண்டிய இடம் காலி. நிலவரம் என்ற இடத்தில், ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று இருந்தது. எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, இணையதளம் அதைக் கோத்து ஒரே கோப்பாக்கிக் காட்டும். அதைத் திறந்து பார்த்து, சரி என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் பத்திரிகைக்குப் போகும். அவர் அழுத்தவில்லை. நாலு மாதமாக அது யாரிடமும் போகவில்லை. எந்த நிபுணரும் இழுக்கவில்லை. பத்திரிகை அனுப்பிய நினைவூட்டல்கள் அந்த மலைக்கு அடியில் எங்கேயோ கிடந்திருக்கும்.

அக்கா திரையையே பார்த்தாள். அவள் கழுத்தில் நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

கைடு அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை திறந்து பார்த்தார். ஏதோ சிஸ்டம் கோளாறு போலிருக்கிறது என்றார். அது அவருக்கே எடுபடவில்லை. சட்டென்று கோப்பைத் திறந்து, ஒரு பக்கம்கூடப் படிக்காமல் பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் எண் வந்தது. என் போனிலும் அக்காவின் போனிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது, கட்டுரை கிடைத்தது என்று. குப்பையில் விழவெல்லாம் இல்லை, நேராகத்தான் வந்தது.

"இந்தா, நம்பர் வந்துருச்சு. இதை அனுப்பிடு. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார் கைடு.

அந்த ஆளை அங்கேயே ஏதாவது கேட்டிருப்பேன். அக்கா என் கையை விடவில்லை. நன்றி சார் என்று சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

எங்கள் மேஜைக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். அவரைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம், சொல்லிவிடுகிறேன், நானும் அதையேதான் சொன்னேன். அனுப்பு அக்கா, எண்ணை மட்டும் அனுப்பு. நீ மெயில் எழுதியபோது நிஜமென்று நினைத்துத்தானே எழுதினாய், இப்போது நிஜமாகவே பரிசீலனைக்குப் போய்விட்டதே, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று அவளைப் போட்டுத் துளைத்தேன். கட்டுரை வெளிவந்தால் தலைப்புக்குக் கீழே பத்திரிகை அதைப் பெற்றுக்கொண்ட தேதியை அச்சிடும், அது என் மெயிலுக்குப் பிந்தைய தேதியாக இருக்கும் என்றாள். யார் அதைப் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

"நான் பார்ப்பேனே. அவங்க லேப்ல உக்காந்துக்கிட்டு, தினமும் அவங்க முகத்தைப் பாத்துக்கிட்டு. அந்தத் தேதி என் தொண்டையிலயே நிக்கும்" என்றாள்.

சரி, உண்மையைத்தான் எழுதுவது என்றால் முழு உண்மையையும் எழுது என்றேன். கைடு சொன்னார், நம்பினேன், அவர் ஏமாற்றிவிட்டார் என்று எழுது. அக்கா தலையை ஆட்டினாள். அவருடைய பரிந்துரைக் கடிதம் இல்லாமல் எந்த லேபிலும் காலெடுத்து வைக்க முடியாது. ஐந்து வருஷம் கூட இருந்த கைடு ஏன் கடிதம் எழுதவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள். சொந்தக் கைடைப் போட்டுக்கொடுத்தவள் என்று பெயர் வந்தால் அது இன்னும் மோசம். போதாததற்கு, நிபுணர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் ஏற்ற வேண்டியதும் அவர்தான். அவர் முறுக்கிக்கொண்டால் கட்டுரை அப்படியே படுத்துவிடும், அதை வைத்துத்தான் நான் பட்டம் வாங்க வேண்டும், அதுவும் படுத்துவிடும். இதைக் கடைசியாக, தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இரண்டாவது மெயிலில் நான் ஒரு சொல்லும் அடிக்கவில்லை. கேட்ட பிரதியும் எண்ணும் இணைக்கப்பட்டுள்ளன. என் முதல் மெயிலில் இந்தக் கட்டுரை பரிசீலனையில் இருப்பதாக எழுதியிருந்தேன். அப்போது அது பத்திரிகைக்குப் போய்ச் சேரவில்லை, இன்றுதான் சேர்ந்தது. சரிபார்க்காமல் எழுதியது என் தவறு, வருந்துகிறேன். அவ்வளவுதான் எழுதினாள்.

சரிபார்க்க உன்னால் எங்கே முடிந்தது, கணக்கு அவர் கையில் அல்லவா இருந்தது என்று கத்தினேன். நம்பரைக் கேட்டிருக்கலாம் அப்பவே, கேக்கலையே நான் என்றாள்.

வியாழக்கிழமைப் பேச்சு நடக்கவில்லை. புதன்கிழமையே பதில் வந்துவிட்டது. மரியாதையான பதில்தான். நீங்களாகவே சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்துக்குத் தேர்வுக்குழுவிடம் நான் ஒருவருக்காகப் பேச வேண்டும். முதல் மெயிலில் இருந்த ஒரு வரி சரியில்லை என்று தெரிந்த பிறகு அது எனக்குக் கடினம். உங்கள் ஆராய்ச்சி தொடர வாழ்த்துகள்.

அக்கா அதை ஒரு முறைதான் படித்தாள். படித்துவிட்டு எழுந்து மைக்ரோஸ்கோப் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். செல்லோடு பேசுகிற சத்தம்கூட வரவில்லை. சாயங்காலம் குளிரறைப் பக்கம் நின்று வீட்டுக்காரரிடம் பேசினாள். அந்த வீட்டை விட்டுவிடுங்கள் என்று ஒரே வாக்கியம். பிறகு மகளிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டாள்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அந்த மேடத்துக்கு ஒரு மெயில் எழுதி, அக்கா மேல் தப்பே இல்லை என்று நடந்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. எழுதியும் விட்டேன். அக்காவிடம் காட்டினேன். முழுதாகப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்க. அனுப்பாத" என்றாள். அவள் சொன்னதை மீற எனக்கு மனம் வரவில்லை. அந்த மெயில் இன்னும் வரைவுப் பெட்டியில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் வேறு லேப்களுக்கு எழுதினாள். மூன்றாவது கட்டுரைக்குப் பக்கத்தில் பத்திரிகையின் எண்ணையும் சேர்த்தே போட்டாள். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் போட்டாள். பரிந்துரைப்பவர்கள் பட்டியலில் கைடின் பெயர் எப்போதும்போல முதலில். அந்தப் பெயரை அவள் தட்டச்சு செய்கிறபோதெல்லாம் நான் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவேன். ஒன்றும் அமையவில்லை. கைடு அவளை இன்னொரு மூன்று மாதம் நீட்டித்தார்.

கட்டுரை வெளிவந்தது. திருத்தமே அதிகம் கேட்கவில்லை, நிபுணர்கள் புகழ்ந்திருந்தார்கள். கைடு எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார். தலைப்புக்குக் கீழே, பெற்றுக்கொண்ட தேதி பொடி எழுத்தில் இருந்தது. நான் எல்லோரையும் கவனித்தேன். ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.

சில வாரம் கழித்துக் கைடு ஒரு மெயிலை அக்காவுக்கு அனுப்பிவைத்தார். 'ஆவன செய்யவும்' என்று மேலே ஒரு வரி. கீழே அந்த மேடத்தின் மெயில். கட்டுரையை மிகவும் ரசித்துப் படித்தேன், அந்த ஈஸ்ட் வகையை எங்கள் லேபுக்கு அனுப்ப முடியுமா, புதிதாகச் சேர்ந்திருக்கும் போஸ்ட்டாக் மகள் செல்களின் வயதை அளக்க விரும்புகிறார் என்று கேட்டிருந்தார். அச்சில் வந்த ஆராய்ச்சியின் உயிர்ப்பொருளை இன்னொரு லேப் கேட்டால் கொடுத்துவிடுவதுதான் முறை. கைடின் முகவரிக்குத்தான் கேட்பார்கள், செய்தவளிடம் கேட்கமாட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் அனுப்புகிறேன், நீ கையை வைக்காதே என்றேன். அவள் கேட்கவில்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்து உயிர்ப்பித்து, வளர்த்து, வேறெதுவும் கலக்கவில்லை என்று சரிபார்த்தாள். ஒரு தடவை போதாது என்று இன்னொரு தடவையும் சரிபார்த்தாள். சாய்வாக உறையவைத்த ஊட்டக்கூழ் மேல் அதைத் தடவி, சின்னக் குழாயை மூடி, சுற்றிலும் படலம் ஒட்டினாள். எப்படி வளர்ப்பது, எந்தச் சூட்டுக்குமேல் போகக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி வைத்தாள்.

"கோவமே வரலையாக்கா உனக்கு?" என்று கேட்டேன்.

"வருது. இதுமேல எதுக்கு வரணும்?" என்றாள், குழாயைப் பஞ்சில் சுற்றிக்கொண்டே.

பெட்டியை மூடி முகவரி எழுதினாள். நிலையத்தின் பெயரையும் தெருவையும் மெயிலைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கு மட்டும் மெயிலைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பிறந்தநாள் சட்டை அனுப்பும்போதெல்லாம் அவள் எழுதுகிற அதே எண்தான் அது.